ஒரு தேங்காய்க்கு எத்தனை கப் துருவல்? சட்னிக்கும் பர்பிக்கும் எத்தனை காய் வாங்கணும்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

வீட்டுல இருந்தே பர்பி, கொழுக்கட்டை, டிபன்னு சின்ன சின்ன ஆர்டர் எடுத்துப் பண்றேன். கணக்கு தெரியாம ஆரம்பத்துல ரெண்டு தடவை பாதி வேலையில கடைக்கு ஓடியிருக்கேன், ஒரு தடவை எட்டு காய் மிச்சமாகி ஒரு வாரம் பூரா எல்லாத்துலயும் தேங்காய் போட்டு வீட்டுல திட்டு வாங்கியிருக்கேன். அப்புறம்தான் கிச்சன் தராசு வாங்கி ஒவ்வொரு காயா நிறுத்து நோட்டுல எழுத ஆரம்பிச்சேன். தெரிஞ்சவங்க திரும்பத் திரும்ப கேக்கறதை எல்லாம் இங்க ஒரே இடத்துல போட்டிருக்கேன்.

ஒரு தேங்காய் துருவினா எவ்வளவு வரும்க்கா?

நடுத்தர சைஸ் காய், அதாவது மட்டை உரிச்சு குடுமியோட சுமார் 600 கிராம் இருக்கிற முத்துன காய்னா 240லேருந்து 250 கிராம் துருவல் வரும், அழுத்தாம அள்ளினா கிட்டத்தட்ட 3 கப்.

போன மாசம் ஒரு காயை முழுசா நிறுத்துப் பாத்தேன். உடைக்கறதுக்கு முன்னாடி 610 கிராம். தண்ணிய டம்ளர்ல புடிச்சா 115 கிராம். ரெண்டு மூடியும் சேந்து 495 இருந்துச்சு. துருவமணையில உக்காந்து வெள்ளை தீந்து லேசா பழுப்பு தெரியற வரைக்கும் துருவினேன், தட்டுல 250 கிராம் நின்னுச்சு. மிச்சம் சிரட்டை, அதுல ஒட்டிக்கிட்டு இருந்த பழுப்புத் தோல், துருவிக்கு எட்டாத அந்தக் கொஞ்சம் பருப்பு, குடுமி நார் எல்லாம் சேத்து 240. ஒரு 5 கிராம் சேலையிலயும் தரையிலயும் போயிருக்கும், அது எல்லா வீட்டுலயும் போறதுதான்.

அதனால மனசுல வச்சுக்க ஒரே ஒரு கணக்கு போதும்: உரிச்ச காய் எடையில நூத்துக்கு நாப்பது துருவல். 500 கிராம் காய்னா 200, 700 கிராம் காய்னா 280. காய் இளசா இருந்தா இது நூத்துக்கு முப்பது, முப்பத்தஞ்சுக்கு இறங்கிடும், ஏன்னு கீழ காய் பாத்து எடுக்கற இடத்துல சொல்றேன்.

கப்னு சொல்றீங்க, எந்த கப்? எங்க வீட்டு டம்ளர்ல அளந்தா வேற மாதிரி வருதே?

வரத்தான் செய்யும். நான் சொல்றது கடையில கிடைக்கிற 240 மில்லி அளவு கப். ஆனா கப்பை விட பெரிய குழப்பம் அள்ளற விதத்துலதான் இருக்கு. துருவல் பஞ்சு மாதிரி, உள்ள காத்து நிறைய. தட்டுல இருந்து ஸ்பூனால மெதுவா கப்புல போட்டு மேல வழிச்சா 80லேருந்து 85 கிராம்தான் புடிக்கும். அதே கப்புல கட்டை விரலால அழுத்தி அழுத்தி போட்டா 100, 110 கிராம் வரைக்கும் போகும். ஒரே காய் ஒருத்தங்களுக்கு 3 கப், இன்னொருத்தங்களுக்கு ரெண்டே கால் கப். ரெண்டு பேரும் சொல்றது உண்மைதான், யாரும் பொய் சொல்லலை.

சட்னிக்கு இந்த வித்தியாசம் ஒண்ணும் பண்ணாது, தண்ணி ஒரு கை கூட குறைய ஊத்திக்கலாம். பர்பிக்கு பண்ணும். சர்க்கரை கப் எப்பவும் 200 கிராம்தான், அது அழுத்தினாலும் பெருசா மாறாது. தேங்காய் கப் மட்டும் ஆடுச்சுன்னா ஒரு நாள் தித்திப்பு தூக்கலா இருக்கும், ஒரு நாள் சப்புன்னு இருக்கும். அதான் ஸ்வீட்டுக்கு தராசுல நிறுத்துக்கங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டே இருக்கேன். தராசு இல்லாதவங்க அழுத்தாம அள்ளறதையே பழக்கமா வச்சுக்கங்க, அளவு எப்பவும் ஒரே மாதிரி இருக்கும்.

நாங்க நாலு பேர், இட்லிக்கு தேங்காய் சட்னி, ஒரு மூடி போதுமா?

போதும். ஒரு மூடின்னா பாதிக் காய், 120 கிராம் பக்கம் துருவல், ஒன்றரை கப். அதோட பொட்டுக்கடலை 2 டேபிள்ஸ்பூன் நல்லா குவிச்சு, பச்சை மிளகாய், உப்பு, இஞ்சி துண்டு போட்டு தண்ணி ஊத்தி அரைச்சா 270, 280 மில்லி சட்னி வரும். தலைக்கு 70 மில்லி, ஒரு சின்னக் குழிக்கரண்டி நிறைய. சாம்பாரும் இருந்தா கொஞ்சம் மிச்சம்கூட ஆகும். தோசை நாள்னா அப்படியே காலி, ஏன்னா தோசைக்கு யாரும் சட்னி அளந்து தொட்டுக்கறதில்லை.

உடைக்கும்போது காய் சரிபாதியா உடையாது, கண் இருக்கிற பக்கம் ஒரு சைஸ், அடிப்பக்கம் ஒரு சைஸா போகும். எங்கம்மா எப்பவும் கண் மூடியை முதல்ல துருவிடுவாங்க, கண் இல்லாத மூடிதான் ரெண்டு நாள் தாங்கும்னு சொல்லுவாங்க. நானும் அப்படியேதான் பண்றேன்.

கெட்டிச் சட்னி, பொட்டுக்கடலை கம்மி, தேங்காய் வாசம் தூக்கலா வேணும்னா நாலு பேருக்கு முக்கால் காய் எடுத்துக்கங்க.

வளைகாப்புக்கு 100 பேர், காலை டிபன், வெள்ளைச் சட்னி. எத்தனை காய் வாங்கணும் அக்கா?

12 காய். சாம்பார், இன்னொரு காரச் சட்னி எல்லாம் இலையில இருக்குன்னு வச்சு சொல்றேன்.

இதை எப்படி போட்டேன்னா, இட்லி மூணு, ஒரு வடை, கொஞ்சம் பொங்கல்னு இலை இருந்தா ஒருத்தருக்கு 50லேருந்து 60 மில்லி வெள்ளைச் சட்னி போகும். சில பேர் ரெண்டாவது தடவை கேப்பாங்க, குழந்தைங்க தொடவே மாட்டாங்க, கூட்டிக் கழிச்சா 55. நூறு பேருக்கு ஐந்தரை லிட்டர். ஒரு காய்ல 250 கிராம் துருவல், அதுக்கு 60 கிராம் பொட்டுக்கடலை, 300 மில்லி கிட்ட தண்ணி, அரைச்சா 560, 570 மில்லி நிக்கும். ஐந்தரை லிட்டருக்கு 10 காய். மேல ரெண்டு காய் எதுக்குன்னா அழுகல், வத்தல், இளசுன்னு பத்துக்கு ஒண்ணாவது வெளிய போகும். காலைல அஞ்சு மணிக்கு எந்தக் கடையும் திறந்திருக்காது.

அந்த பத்துக்கு ஒண்ணு கணக்கை நான் கத்துக்கிட்டது சொந்தத்துல ஒரு வளைகாப்புலதான். எண்ணி பத்தே காய் வாங்கினேன், ஒரு கடையில கோணியில இருந்து அவங்களே எடுத்துக் குடுத்தாங்க, நானும் அவசரத்துல ஆட்டிப் பாக்கலை. விடிகாலைல உடைச்சா ஒண்ணு உள்ள நீலம் பாரிச்சு நாத்தம், ரெண்டு காய் இளசு, பருப்பு வழவழன்னு சுண்டு விரல் கனம்கூட இல்லை. ஏழு காய்ல நூறு பேருக்கு சட்னி. பொட்டுக்கடலையை ரெண்டு மடங்கு போட்டு சமாளிச்சேன், யாரும் ஒண்ணும் சொல்லலை, ஆனா அந்த சட்னி நேரம் ஆக ஆக கூழ் மாதிரி இறுகிக்கிட்டே போச்சு, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தண்ணி ஊத்திக் கலக்கிட்டே நின்னேன். பொட்டுக்கடலை தண்ணிய இழுத்துக்கிட்டே இருக்கும், அதான் காரணம். பட்ஜெட்டுக்காக தெரிஞ்சே பொட்டுக்கடலையை கூட்டறவங்க, 60 கிராமுக்கு பதிலா 90 வரைக்கும் போகலாம், அப்ப நூறு பேருக்கு 9 காய்லயே முடிச்சிடலாம், ருசியில தேங்காய் கொஞ்சம் பின்னாடி போகும், அவ்வளவுதான்.

இன்னொண்ணு, பத்து காயையும் ஒரே நேரத்துல அரைச்சு வைக்காதீங்க. பாதியை முதல்ல அரைங்க, மிச்சத் துருவலை மூடி குளிர்ச்சியான இடத்துல வையுங்க. தேங்காய் சட்னி வெயில் காலத்துல நாலஞ்சு மணி நேரத்துலயே புளிப்பு வாடை காட்டிடும், பெரிய பாத்திரத்துல மொத்தமா இருந்தா இன்னும் சீக்கிரம். மேல சின்னச் சின்னக் குமிழ் வந்து, கரண்டி விட்டா நூல் மாதிரி வழவழப்பு தெரிஞ்சா அது போச்சு, தாளிச்சு ஏமாத்தப் பாக்காதீங்க.

தீபாவளிக்கு 1 கிலோ தேங்காய் பர்பி போடணும். 2 காய் போதுமா, 3 வேணுமா?

ரெண்டு போதும், ஆனா மூணு வாங்கிக்கங்க.

பர்பிக்கு வெள்ளைத் துருவல் மட்டும்தான் எடுக்கணும், பழுப்பு ஓரம் எட்டிப் பாக்கறதுக்கு முன்னாடியே கையை நிறுத்தணும், இல்லைன்னா பர்பி அழுக்கு கலர்ல நிக்கும். அப்படி நிறுத்தினா அதே 600 கிராம் காய்ல 250 வராது, 200தான் வரும். அந்த மிச்ச 50 கிராமை வீணாக்காதீங்க, தனியா சுரண்டி அன்னைக்கு பொரியல்ல போடுங்க.

ஆக ரெண்டு காய்க்கு 400 கிராம் துருவல், அழுத்தாம 5 கப். சர்க்கரை 650 கிராம், அதாவது மூணே கால் கப். பால் ஒரு கப், நெய் 50 கிராம், ஏலக்காய். தேங்காய்ப் பருப்புல பாதிக்குக் கொஞ்சம் கம்மியா தண்ணிதான் இருக்கு, கிளறும்போது அது பாலோட தண்ணியும் சேந்து ஆவியாப் போயிடும். 400 கிராம் துருவல்ல கடைசியில நிக்கறது 200, 220 கிராம்தான். அதோட சர்க்கரையும் நெய்யும் சேந்து, தட்டுல கொட்டும்போது ஒரு கிலோ. 25 கிராம் துண்டு போட்டா 40 துண்டு. சர்க்கரைதான் எடையைக் குடுக்குது, தேங்காய் வாசத்தையும் மெல்லற சுகத்தையும் குடுக்குது, இது புரிஞ்சா ஆர்டருக்கு விலை போடறதும் சுலபம்.

மூணாவது காய் எதுக்குன்னா, ரெண்டுல ஒண்ணு இளசா போச்சுன்னா பர்பி இறுகவே இறுகாது. இளம் பருப்புல தண்ணி அதிகம், எண்ணெய் கம்மி. துருவும்போதே தெரிஞ்சுடும், நல்ல காய்ல துருவல் பூப்பூவா உதிரும், இளசுல ஈரமா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு திரி திரியா விழும். கையில புடிச்சு அழுத்திப் பாருங்க, பால் மாதிரி வெள்ளையா லேசா கசிஞ்சா நல்ல காய், தண்ணியா ஒழுகினா இளசு. அந்த இளசுத் துருவலை சட்னிக்குத் தள்ளிட்டு மூணாவது காயை உடைங்க. எல்லாம் நல்ல காயா அமைஞ்சா மூணாவது எங்கயும் போயிடாது, உடைக்காத காய் தானே.

3 கிலோ ஆர்டர்னா 6 காய், உபரி 1. அஞ்சு கிலோவுக்கு மேல போனா 10 காய்க்கு 1 உபரி போதும், ஆனா ஒரே வாணலியில அஞ்சு கிலோ கிளறாதீங்க, அடி புடிச்சா பத்து காயும் ஒண்ணா போயிடும்.

விநாயகர் சதுர்த்திக்கு 50 கொழுக்கட்டை, தேங்காய் பூரணம். எத்தனை காய்?

ரெண்டு காய். ஒரு கொழுக்கட்டைக்கு நெல்லிக்காய் சைஸ்ல 15 கிராம் பூரணம் வைப்போம், 50க்கு 750 கிராம். ரெண்டு காய்ல 480 கிராம் துருவல், வெல்லம் 350 கிராம், கிளறி இறக்கினா அந்த எடைக்கு வந்து நிக்கும். பூரணத்துக்கு பழுப்பு கொஞ்சம் விழுந்தா பரவாயில்லை, வெல்லம் கலர் அதை முழுங்கிடும், அதனால இங்க முழு 240 கணக்கே போடலாம்.

பூரணம் நீர்த்துப் போச்சுன்னு நிறைய பேர் தேங்காய் குறைஞ்சுடுச்சோன்னு நினைக்கறாங்க. பெரும்பாலும் வெல்லப்பாகுக்கு தண்ணி அதிகமா ஊத்தினதுதான். வெல்லம் கரையற அளவுக்கு கால் டம்ளர் போதும்.

துருவாம பத்தை போட்டு மிக்ஸியில சுத்தினா கூட வருமா?

ஆமா, கொஞ்சம் கூட வரும். மூடியை லேசா அடுப்புல காட்டியோ, ஃப்ரீசர்ல ஒரு ராத்திரி வச்சு எடுத்தோ தட்டினா பருப்பு அப்படியே சிரட்டையை விட்டுக் கழண்டுடும், துருவிக்கு எட்டாத ஓரமும் கிடைக்கும். 600 கிராம் காய்ல பழுப்புத் தோலோட 300 கிராம் வரைக்கும் நான் எடுத்திருக்கேன். தோலை பீலர்ல சீவினா முப்பது நாப்பது கிராம் போயிடும், அப்பவும் துருவமணையை விட ஒரு கை கூடத்தான்.

ஆனா அது துருவல் இல்லை, பொடிச்ச தேங்காய். சட்னிக்கும் குழம்புக்கும் எப்படியும் அரைக்கத்தான் போறோம், அதுக்கு ரொம்ப சவுகரியம். தோலோட போட்டா வெள்ளைச் சட்னி கொஞ்சம் மங்கலா இருக்கும், அவ்வளவுதான். பர்பிக்கு எனக்குப் புடிக்காது. மிக்ஸியில பல்ஸ்ல விட்டு விட்டு ஓட்டினாலும் கொஞ்சம் தூளா கொஞ்சம் துண்டா இருக்கும், சூடு ஏறினா எண்ணெய் விட ஆரம்பிச்சு தட்டுல வெட்டும்போது துண்டு ஓரம் உதிரும். அளவும் மாறும், மிக்ஸிப் பொடி கப்புல நெருக்கமா உக்காரும், ஒரு கப்பே 95, 100 கிராம் காட்டும். துருவலுக்கு எழுதின ரெசிபியில மிக்ஸித் தேங்காயை கப் கணக்குல போட்டா தேங்காய் அதிகமாப் போயிடும்.

கடையில சில இடத்துல காய் கணக்கு, சில இடத்துல கிலோ கணக்கு. எது லாபம்?

கிலோவுல வாங்கினா தண்ணிக்கும் சேத்துதான் காசு குடுக்கறோம், அதை மறக்காதீங்க. கையில தூக்கினதும் கனமா இருக்குன்னு சந்தோஷப்பட்டு எடுக்கற காய் பல நேரம் இளசு, உள்ள தண்ணி தளும்பாம முட்ட முட்ட இருக்கும். அந்தக் காய்ல 180, 200 மில்லி தண்ணி சாதாரணமா இருக்கும். முத்துன காய்ல வச்சிருக்க வச்சிருக்க தண்ணி குறையும், எடையும் குறையும், ஆனா பருப்பு குறையாது. கிலோ 60 ரூபான்னு வச்சுக்குவோம். 650 கிராம் இளம் காய்க்கு 39 ரூபா குடுத்து 210 கிராம் துருவல் எடுக்கறோம். 560 கிராம் முத்துன காய்க்கு 33 ரூபா 60 பைசா, துருவல் 235 கிராம். சின்னதா தெரிஞ்ச காய்தான் நிறைய குடுத்துச்சு.

காய் கணக்குல விக்கறாங்கன்னா தலைகீழ், அப்ப பெருசா பாத்து எடுங்க. ரெண்டு 450 கிராம் காயை விட ஒரு 700 கிராம் காய் வேலையும் மிச்சம், பெரிய காய்ல பருப்பும் பொதுவா கனமா இருக்கும். பொள்ளாச்சிப் பக்கத்துக் காய் நல்ல சைஸா வரும்னு வியாபாரிங்க தனியா சொல்லி விப்பாங்க. எந்த ஊர்க் காயா இருந்தாலும் ஆட்டிப் பாக்காம வாங்காதீங்க.

அந்த ஆட்டிப் பாக்கறதுல என்னதான் கேக்கணும்? எனக்கு எல்லாமே ஒரே மாதிரி கேக்குது

காதுகிட்ட வச்சு ஆட்டினா தண்ணி சலக் சலக்னு நல்லா தளும்பற சத்தம் வரணும், அது முத்துன காய், சட்னிக்கும் ஸ்வீட்டுக்கும் அதுதான். கனமா இருக்கு, சத்தமே இல்லை, ஓடும் வெளிர் நிறம்னா இளசு. லேசா இருக்கு, சத்தமும் இல்லைன்னா தண்ணி வத்திப் போச்சு, உள்ள கீறல் விட்டிருக்கலாம், இல்லை கொப்பரையா மாறிட்டு இருக்கலாம். உள்ள ஏதோ உருண்டை உருளற மாதிரி கடகடன்னா பருப்பு ஓட்டை விட்டுப் பிரிஞ்ச கொப்பரை, அது துருவமணையில நிக்காது, சுத்திக்கிட்டே இருக்கும், சட்னி அரைச்சா எண்ணெய் வாடை அடிக்கும்.

சத்தத்தை விட நான் நம்பறது கண்ணைத்தான். குடுமியை லேசா விலக்கி மூணு கண்ணையும் பாருங்க. ஈரம், பூஞ்சை, கறுப்பா அமுங்கற மாதிரி இருந்தா திரும்ப வச்சிடுங்க, அழுகல் பெரும்பாலும் அந்த வழியாத்தான் உள்ள போகும். அதனாலதான் குடுமியோட விக்கறாங்க, வீட்டுக்கு கொண்டு வந்ததும் பிச்சுப் போட்டா காய் சீக்கிரம் கெடும், உடைக்கற அன்னைக்கு எடுத்தா போதும். கண்ணுல இருந்து முளை எட்டிப் பாத்தா உள்ள தேங்காய்ப்பூ இருக்கும், குழந்தைங்க சண்டை போட்டு சாப்பிடும். ஆனா பருப்போட சத்தை அது இழுத்துக்கும், துருவலுக்கு அந்தக் காயை நம்பாதீங்க.

உடைச்சதும் தண்ணியை ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டு துருவ உக்காருங்க. புளிப்போ சோப்பு மாதிரி ஒரு காறலோ இருந்தா பருப்பு வெள்ளையா இருந்தாலும் அதைத் தனியா வையுங்க. நல்ல பத்து காய்த் துருவலோட ஒரு காறல் காயைக் கலந்தா மொத்த சட்னியும் காறும். ஒவ்வொரு காயையும் தனித்தனி கிண்ணத்துக்கு மேல உடைங்க, எல்லாத் தண்ணியும் ஒரே பாத்திரத்துல போச்சுன்னா எது கெட்டதுன்னு கண்டுபுடிக்க முடியாது.

காய்க்கு பதிலா பாக்கெட்ல வர்ற உலர்ந்த தேங்காய்ப்பூ போட்டா எவ்வளவு எடுக்கணும்?

வெளிநாட்டுல இருக்கறவங்கதான் இதை அதிகம் கேக்கறாங்க. ஒரு காய்ல வர்ற 250 கிராம் பச்சைத் துருவலுக்கு 130, 135 கிராம் உலர் துருவல் சமம், ஏன்னா அதுல தண்ணி கிட்டத்தட்ட கிடையாது. பர்பிக்கு அந்த 135 கிராமோட 100 மில்லி வெதுவெதுப்பான பால் தெளிச்சு அரை மணி நேரம் மூடி வச்சிட்டு கிளறுங்க, அப்படியே போட்டா பாகை உறிஞ்சிட்டு மரத்தூள் மாதிரி ஆகும். சட்னிக்கு வெந்நீர்ல ஊற வச்சு அரைக்கலாம், ஆனா பச்சைத் தேங்காய் ருசியை எதிர்பாக்காதீங்க. அதைவிட ஃப்ரீசர்ல வர்ற உறைஞ்ச துருவல் எவ்வளவோ மேல். அது பச்சைத் துருவல் எடைக்கு எடை அப்படியே சமம், 400 கிராம் பாக்கெட்னா ஒன்றரை காய்னு வச்சுக்கங்க. சர்க்கரை சேத்த பாக்கெட்டும் அலமாரியில பக்கத்துலயே இருக்கும், பின்னாடி படிச்சுட்டு எடுங்க.

மிச்சமான துருவலை எத்தனை நாள் வைக்கலாம்?

ஃப்ரிட்ஜ்ல மூடி போட்ட டப்பாவுல மூணு நாள், அதுக்கு மேல ஓரத்துல இளஞ்சிவப்பு கலர் தட்ட ஆரம்பிக்கும், தொட்டா வழுக்கும், தூக்கிப் போட்டுடுங்க. ஃப்ரீசர்ல ரெண்டு மாசம் தாராளமா தாங்கும். ஒரு காய்த் துருவலை ரெண்டு பையில தட்டையா பரப்பி வையுங்க, ஒரு பை ஒரு மூடின்னு கணக்கு ஞாபகம் இருக்கும், உடைச்சு எடுக்கவும் சுலபம். உருண்டையா பெரிய டப்பாவுல வச்சா கல்லு மாதிரி ஆகி காலைல எட்டு மணிக்கு கத்தியோட போராடணும், நான் பட்டிருக்கேன்.

உறைஞ்சு இளகின துருவல் சட்னிக்கு நல்லாவே இருக்கும், வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி அரைச்சா போதும். பர்பிக்கு போடறதா இருந்தா இளகினதும் தண்ணி விட்டிருக்கும், அதைப் பிழிஞ்சு கொட்டிடாதீங்க, தேங்காய்ப் பாலும் அதுலதான் இருக்கு, வாணலியில நெய் விடறதுக்கு முன்னாடி துருவலை மட்டும் ரெண்டு நிமிஷம் வெறுமனே பிரட்டிட்டு அப்புறம் சர்க்கரை சேருங்க.